மூன்று பக்கம் எழுதினால் ‘ஓகே’ என்று ஒரு பதில்

வாசகர் கடிதம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் புராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். இந்த சீசனுக்குப் புது லைன் போடுகிறோம். பணம் ஒதுக்கியவர் முதலாளியின் மருமகன், பெங்களூரில் இருக்கிறார். அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வார அறிக்கை அனுப்ப வேண்டியது என் வேலை. நடந்தது ஒன்று விடாமல் மூன்று பக்கம் எழுதுகிறேன். ‘ஓகே’ என்று பதில் வரும். போன வாரம் மட்டும், “எல்லாம் சரி, மே 23-க்கு ஓடுமா ஓடாதா?” என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது. சுருக்கமாக எழுதினால் நான் வேலையே செய்யவில்லை என்று நினைக்க மாட்டாரா? பாய்லர் கொஞ்சம் தாமதம். அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார். போன வார அறிக்கை, வேலை அட்டவணை, ஆர்டர் பட்டியல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

— காவேரிப்பட்டினம் வாசகி

ஆலோசகர் பதில்

அந்த ஒற்றைக் கேள்வி உங்களை அழ வைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மூன்று பக்கத்தை அவர் உண்மையிலேயே படித்திருக்கிறார். படித்தும் தனக்கு வேண்டியது கிடைக்கவில்லை, அதனால் கேட்டிருக்கிறார். படிக்காதவர்தான் ‘ஓகே’ போடுவார்.

அவர் திட்டத்தின் ஸ்பான்சர். பணத்தையும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பவர். எலக்ட்ரீஷியன் செவ்வாய்க்கு பதிலாகப் புதன்கிழமை வந்தாரா என்பதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. அவர் செய்யக்கூடியவை கொஞ்சம்தான்: கூடுதல் பணம் தரலாம், தேதியைத் தள்ளலாம், வேலையில் எதையாவது குறைக்கலாம், உங்களால் முடியாத இடத்தில் தன் செல்வாக்கை வைத்து ஒரு போன் போடலாம். அறிக்கை அந்த முடிவுகளுக்கு உதவ வேண்டும். சொன்ன தேதிக்கு முடியுமா, சொன்ன பணத்தில் முடியுமா, என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று மூன்றுதான் அவர் தேடுவது.

நீங்கள் எழுதியிருப்பது நாட்குறிப்பு. திங்கள் தொடங்கி சனி வரை நடந்த வரிசையில் போகிறது. நடந்த வரிசை எழுதுபவருக்கு வசதி, படிப்பவருக்குத் தண்டனை. உங்களுடைய மிக முக்கியமான செய்தியான பாய்லர் தாமதம் வியாழக்கிழமை தெரிந்ததால், அது இரண்டாம் பக்கத்தின் நடுவில், கேபிளுக்கும் மழைக்கும் இடையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

அதற்காக அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அதை சைட் டைரியாகத் தினமும் எழுதுங்கள், தேதியோடு வையுங்கள். நாளைக்கு பாய்லர் சப்ளையரிடம் தாமதத்துக்குக் கழிவு கேட்க வேண்டி வந்தால், யாரிடம் எப்போது பேசினோம், என்ன தேதி சொன்னார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் உழைப்பு அங்கே இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டலாம். சனிக்கிழமை அனுப்புவது அதிலிருந்து வடித்தெடுத்தது.

முதலில் வடிகட்டுவோம்

உங்கள் அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறேன்.

> திங்கட்கிழமை பாய்லர் அடித்தளம் கியூரிங் முடிந்தது. செவ்வாய் எலக்ட்ரீஷியன் வரவில்லை, புதன் வந்தார். கேபிள் 60 மீட்டர் குறைந்ததால் கிருஷ்ணகிரியிலேயே வாங்கினோம். பாய்லர் சப்ளையரிடம் பேசப்பட்டது. அவர்கள் பக்கம் சின்ன தாமதம், 11-ஆம் தேதி வாக்கில் வரும் என்கிறார்கள், தொடர்ந்து ஃபாலோ செய்யப்பட்டு வருகிறது. ஃபில்லர் அறையில் தரை வேலை கிட்டத்தட்ட 90 சதவீதம் முடிந்தது. வெல்டர் இன்னொரு செட் கிடைத்தால் நன்றாக இருக்கும். இதுவரை 52 லட்சம் செலவு, பட்ஜெட் 85 லட்சம் என்பதால் பணத்தில் பிரச்சினை இல்லை.

ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் இரண்டு கேள்வி போடுங்கள்: ‘இதனால் தேதியோ பணமோ மாறுகிறதா? இதில் அவர் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறதா?’ இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த வாக்கியம் டைரியோடு நிற்கட்டும். இப்படிப் பார்த்தால் எலக்ட்ரீஷியன் போய்விடுவார், அடித்தளம் ‘முடிந்தது’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடும். பாய்லர், வெல்டர், பணம் மூன்றும் நிற்கும். தரை வேலை நிற்குமா போகுமா என்பது அந்த வாக்கியத்தை வைத்துத் தெரியவில்லை. கேபிளும் தனியாகப் பார்த்தால் சில்லறைச் செய்தி. ஆனால் பணக்கணக்கில் இந்த இரண்டுமே திரும்பி வரும், பாருங்கள்.

நிற்கிற வாக்கியங்களிலும் ஒரு நோய் இருக்கிறது. ‘பேசப்பட்டது’, ‘ஃபாலோ செய்யப்பட்டு வருகிறது’ — யார் பேசினார், யார் செய்கிறார்? நம் அலுவலகத் தமிழில் இந்த ‘பட்டு வருகிறது’ ஆளை ஒளித்து வைக்க நல்ல போர்வை. ‘வாக்கில்’ தேதியை ஒளிக்கிறது. ‘கிட்டத்தட்ட 90 சதவீதம்’ எல்லாவற்றையும் ஒளிக்கிறது; எந்த சைட்டிலும் கடைசி 10 சதவீதம்தான் மாதக்கணக்கில் இழுக்கும். சதவீதத்துக்கு பதிலாக முடிந்ததா, இல்லையா, இல்லையென்றால் எந்தத் தேதியில் என்று மட்டும் எழுதுங்கள். ‘ஃபில்லர் அறைத் தரை முடியவில்லை, ஏப்ரல் 9-ல் முடியும்’ என்று எழுதினால் அடுத்த சனிக்கிழமை அது பொய்யா மெய்யா என்று யாரும் சரிபார்க்கலாம்.

‘சின்ன தாமதம்’ எவ்வளவு சின்னது?

நீங்கள் அறிக்கையில் செய்யாமல் விட்ட வேலை இதுதான். உங்கள் அட்டவணையின்படி பாய்லர் மார்ச் 28-ல் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நிறுத்திப் பைப்பிங் செய்ய 21 நாள், ஹைட்ராலிக் டெஸ்ட், பாய்லர் ஆய்வாளர் வருகை, சான்றிதழ் என்று 14 நாள், தண்ணீரில் ஓட்டி அப்புறம் பழத்தில் ஓட்டிப் பார்க்க 14 நாள். மொத்தம் 49 நாள். அதாவது மே 16-ல் லைன் தயார். பெங்களூரா மாம்பழம் இறங்கும் முதல் நாள் மே 23. இடையில் 7 நாள் கையிருப்பு வைத்திருந்தீர்கள், நல்ல திட்டம்தான்.

பாய்லர் ஏப்ரல் 11-ல் வந்தால் 14 நாள் தாமதம். 49 நாளைக் கூட்டிப் பாருங்கள், மே 30 வருகிறது. கையிருப்பு 7 நாளும் கரைந்து, மேலே இன்னொரு 7 நாள் தாமதம். கடிதத்தில் நீங்கள் எழுதிய ‘கொஞ்சம்’, சீசனின் முதல் வாரத்தை விழுங்கிவிட்டது. நீங்கள் மறைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. சங்கிலியின் மறுமுனை வரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் போடாமல் மாட்டியிருக்கிறேன். ஓசூரில் ஒரு ஃபேக்டரிக்கு நான் வாராவாரம் ‘எல்லாம் சரி’ என்று பச்சை நிறமிட்டு அனுப்பிய திட்டம், தொடக்க விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒரே நாளில் சிவப்பாயிற்று. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. இந்தத் தொழிலில் இதற்குத் தர்பூசணி அறிக்கை என்றே பெயர்.

ஒன்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 11 என்பது சப்ளையர் வண்டி ஏற்றும் தேதியா, சைட்டில் வந்து இறங்கும் தேதியா? சப்ளையர்கள் பெரும்பாலும் ஏற்றும் தேதியைத்தான் சொல்வார்கள். இறங்கும் தேதி என்று வைத்துக்கொண்டு நான் மேலே போகிறேன். வேறாக இருந்தால் எல்லாத் தேதியும் அந்த அளவுக்கு நகரும்.

இனி வெல்டர். ‘கிடைத்தால் நன்றாக இருக்கும்’ என்று பத்தியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறதே, உண்மையில் அந்த அறிக்கையின் உயிர் அதுதான். இரண்டாவது குழு வந்தால் 21 நாள் வேலை 14 நாளில் முடியும் என்று உங்கள் மேஸ்திரி சொன்னதாக அட்டவணையின் ஓரத்தில் கிறுக்கி வைத்திருக்கிறீர்கள். கூடுதல் செலவு 1.5 லட்சம். அப்படியென்றால் மே 23-ல் தயார். ஸ்டீம் லைனுக்கு, பாய்லர் விதிகளான ஐபிஆர்-இன்படி சான்று பெற்ற வெல்டர் வேண்டும், அவசரத்துக்குத் தெருவில் கிடைப்பவரை வைக்க முடியாது. பாய்லர் இறங்கும் 11-ஆம் தேதிக்கு முன்பே குழுவைப் பேசி முடிக்க வேண்டும். மூன்று நாளில் சித்திரைப் பிறப்பு, ஊருக்குப் போகிறவர்கள் வேறு. ஆகவே முடிவு புதன்கிழமை, ஏப்ரல் 8-க்குள் வேண்டும். கேள்வி, தொகை, கடைசித் தேதி, பதில் வராவிட்டால் என்ன ஆகும்: இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது கோரிக்கை. இல்லாவிட்டால் அது பெருமூச்சு.

52 லட்சம் என்ற மயக்கம்

85-ல் 52 செலவாகியிருக்கிறது, 33 மிச்சம் என்று நினைப்பதுதான் எல்லோரும் விழும் குழி. செலவான பணத்தை பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் எப்போதுமே நன்றாகத்தான் தெரியும், கடைசி மாதம் வரை. உங்கள் ஆர்டர் பட்டியலைப் பார்த்தேன். ஆர்டர் கொடுத்துவிட்டு இன்னும் பணம் கட்டாதது 24 லட்சம். இன்னும் ஆர்டரே போகாதது 10 லட்சம். 52, 24, 10 கூட்டினால் 86. ஒரு லட்சம் மிகுகிறது. கூடுதல் கேபிளும் ஃபில்லர் அறைத் தரையும் தின்ற ஒரு லட்சம். வெல்டர் செலவையும் சேர்த்தால் 87.5.

ஸ்பான்சருக்கு எழுத வேண்டிய எண் இந்த முடிவுக் கணிப்புதான். 1.5 லட்சம் கேட்கும் அதே அறிக்கையில், மொத்தம் 2.5 லட்சம் மிகுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்த வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ‘இன்னொரு ஒரு லட்சம்’ என்று தவணையில் கேட்டால், இரண்டாவது முறை அவர் உங்கள் கணக்கு மொத்தத்தையும் சந்தேகப்படுவார்.

எழுதிப் பார்ப்போம்

போன வார அறிக்கை இப்படிப் போயிருக்க வேண்டும்.

> புது லைன், மார்ச் 30 – ஏப்ரல் 4
>
> நிலை: சிவப்பு (சென்ற வாரம் பச்சை). இன்றைய கணக்கில் லைன் மே 30-ல் தயாராகும்; மே 23-க்கு 7 நாள் தாமதம். காரணம்: பாய்லர் மார்ச் 28-க்கு பதில் ஏப்ரல் 11-ல் வருகிறது.
>
> உங்கள் முடிவு தேவை, ஏப்ரல் 8 புதன் மாலைக்குள்: இரண்டாவது வெல்டர் குழுவுக்கு 1.5 லட்சம். ஒப்புக்கொண்டால் மே 23-ல் தயார். ஆனால் கையிருப்பு நாள் இல்லை, ஆய்வாளர் வருகை ஒரு நாள் தள்ளினாலும் தேதி தள்ளும். வேண்டாம் என்றால் மே 30; முதல் வாரப் பழத்தைத் தள்ளிப்போட மண்டிக்காரர்களிடம் இப்போதே சொல்ல வேண்டும். எங்கள் பரிந்துரை: குழுவை எடுப்பது.
>
> பணம்: ஒப்புதல் 85 லட்சம். முடிவுக் கணிப்பு 86 (கேபிள், ஃபில்லர் அறைத் தரை). வெல்டர் குழுவோடு 87.5.
>
> முடிந்தது: பாய்லர் அடித்தளம்.
> அடுத்த வாரம்: ஃபில்லர் அறைத் தரை ஏப்ரல் 9, பாய்லர் இறக்கம் ஏப்ரல் 11 (பொறுப்பு: நான்).

போன் திரையைத் தள்ளிப் பார்க்காமலே ஏறக்குறைய முழுவதும் தெரியும். நீங்கள் வேலை செய்யவில்லை என்று இதைப் படித்தவர் நினைப்பாரா? தேதியைக் கடைசி வரை கூட்டிப் பார்த்தவர், செலவை முன்கூட்டிக் கணித்தவர், வழியும் சொன்னவர் என்றுதான் தெரியும். மூன்று பக்கத்தில் இது எதுவும் தெரியவில்லையே.

சிவப்பு என்று எழுதக் கை நடுங்கும், தெரியும். நிறம் உங்களுக்குப் போடும் மார்க் இல்லை. நான் வைத்திருக்கும் அளவு இது: தேதிக்கோ பணத்துக்கோ ஆபத்து இல்லையென்றால் பச்சை, ஆபத்து இருக்கிறது, ஆனால் நம் அதிகாரத்துக்குள்ளேயே மீட்டுவிடலாம் என்றால் மஞ்சள், ஸ்பான்சர் கை கொடுக்காமல் மீள முடியாது என்றால் சிவப்பு. 1.5 லட்சத்துக்கு அவர் ஒப்புதல் வேண்டும், உங்கள் மேனேஜரால் தர முடியாது. ஆகவே இது சிவப்பு. அவர் சரி என்று சொன்ன மறுநாளே மஞ்சளாகிவிடும். கையிருப்பு நாள் இல்லாததால் பச்சை மட்டும் ஆகாது. இந்த அளவை அவரிடம் ஒருமுறை சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிவப்பைப் பார்த்ததும் பதறி பெங்களூரிலிருந்து வண்டி எடுத்துவிடுவார்.

அடுத்தடுத்த வாரங்களில் வடிவத்தை மாற்றாதீர்கள். ‘லைன் தயாராகும் தேதி’ என்ற வரியில் மட்டும் மூன்று தேதி போடுங்கள்: முதலில் ஒப்புக்கொண்டது, சென்ற வாரம் சொன்னது, இந்த வாரம் சொல்வது. மே 16, மே 30, மே 23 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வாரம் இரண்டு நாள், மூன்று நாள் என்று நழுவிக்கொண்டே போகும் திட்டம் எந்த ஒரு அறிக்கையிலும் பெரிதாகத் தெரியாது. இந்த மூன்று தேதியைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

மேனேஜர் சொன்னது

‘சரிசெய்துவிட்டுச் சொல்லலாம்’ என்பதில் அவர் எண்ணம் கெட்டதில்லை. கையில் வழி இல்லாமல் கெட்ட செய்தி மட்டும் கொண்டுபோகாதே என்ற அளவில் சரியும்கூட. ஆனால் இங்கே சரிசெய்யும் சாவி ஸ்பான்சர் கையில் இருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த 1.5 லட்சம் வாங்கித் தரக்கூடிய நாளைத் தின்கிறது. ஏப்ரல் 8-ல் ஒப்புதல் கிடைத்தால் 7 நாள் மிச்சமாகும். 20-ஆம் தேதி கிடைத்தால் பாதிப் பைப்பிங் முடிந்திருக்கும், அதே பணம் கொடுத்தாலும் அவ்வளவு மிச்சமாகாது.

மேனேஜரை மீறி அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்ப ஃபேக்டரியில் அது உங்கள் வேலைக்கே ஆபத்து. நாளைக்கு அவரோடுதான் சைட்டில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே வரைவை அவரிடம் காட்டுங்கள், அட்டவணையோடு. “சார், 11-ல் பாய்லர் வந்தால் தயாராவது மே 30. என் கூட்டல் தப்பா, பாருங்கள்” என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றி வாதாடினால் அது கருத்து வேறுபாடு. தேதியைக் கூட்டினால் அதில் வாதாட ஒன்றுமில்லை. அவர் ‘பரிந்துரை’ வரியை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள், அது அவர் உரிமை. தேதியையும் தொகையையும் மாற்றச் சொன்னால், “அட்டவணையில் எந்த நாளைக் குறைக்கலாம் சார்?” என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்தை டைரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிவப்பாகும் செய்தி வியாழக்கிழமை தெரிந்தால் சனிக்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம். மேனேஜரோ நீங்களோ அன்றைக்கே போனில் இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் அறிக்கை அதை எழுத்தில் உறுதி செய்யும்.

போன வாரம் போய்விட்டது. அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால், மேலே இருப்பதை மேனேஜரிடம் காட்டிவிட்டு இன்றைக்கே அனுப்புங்கள். புதன் மாலைக்குள் பதில் வராவிட்டால் ஒருமுறை போன் செய்யுங்கள். அப்போதும் முடிவு கிடைக்கவில்லை என்றால், அடுத்த அறிக்கையின் முதல் வரி: ‘ஏப்ரல் 8-க்குள் முடிவு வராததால் லைன் தயாராகும் தேதி மே 30 என்று எடுத்துக்கொண்டு, மண்டிக்காரர்களிடம் சொல்லத் தொடங்குகிறோம்.’